'தவறுதலாக' என்ற ஒரு சொல்

என் சின்னம்மாவுக்காகக் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் மனுவை எழுதியது நான்தான். குற்றவியல் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன், வீட்டில் சட்டம் படித்த ஒரே ஆள் என்பதால் பேனா என் கைக்கு வந்தது. அந்த மனுவில் நான் எழுதிய ஒரே ஒரு சொல், மூன்று பேரை அன்றிரவே பிணையில் வீட்டுக்கு அனுப்பியது.

கவரைப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போக வேண்டிய ஊர் அது. பெயர் வேண்டாம். ஊர்த்தெரு ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் ஏரிக்கரை. 2025 பொங்கல் முடிந்த வாரம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் சேரிப் பையன் ஒருவன், ஊர்த்தெரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியதில் வாய்த்தகராறு. சாயங்காலம் ஆதிக்கச் சாதி இளைஞர்கள் மூன்று பேர் இரண்டு வண்டிகளில் சேரி முனைக்கு வந்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். ஒருவன் கையில் முறுக்குக் கம்பித் துண்டு. ரோலிங் மில்கள் நிறைந்த எங்கள் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. பையனின் தலைக்குக் குறிவைத்து எறிந்தான். பையன் குனிந்துவிட்டான். பின்னால் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த சின்னம்மாவின் இடது கையில் கம்பி பட்டு, முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது.

நான் எழுதிய வரி இது: 'அவர்கள் எறிந்த கம்பி தவறுதலாக என் மீது பட்டுப் பலத்த காயம் ஏற்பட்டது.'

முதல் தகவல் அறிக்கை வந்தபோது அதில் இரண்டே பிரிவுகள் இருந்தன. ஒன்று பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதற்கு. இன்னொன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி): கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் விளைவித்தல். அதிகபட்சம் 3 ஆண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். நிலையத்திலேயே பிணை கொடுக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சாயல்கூட இல்லை. கேட்டபோது அங்கிருந்த ஏட்டு என் மனுவையே திருப்பிக் காட்டினார்.

"தம்பி, நீங்களே தவறுதலானு எழுதியிருக்கீங்க. அந்தம்மாவை அடிக்கணும்னு அவன் நெனைக்கலையே. நெனைக்காம பட்டா அது அஜாக்கிரதைதானே?"

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்னது சட்டப்படி தவறு என்று எனக்குத் தெரியும். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய பாடம்தான். ஆனால் அந்தத் தவறுக்கான வழியைத் திறந்துவிட்டது என் பேனா. தமிழில் 'தவறுதலாக' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. குறி தவறியதையும் அது சொல்லும், வேண்டுமென்று செய்யாததையும் அது சொல்லும். சட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் ஆயுள் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

இந்தத் தூரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அளந்து பார்த்தது ஒரு அல்வா வழக்கில். 1912இல் தீர்ப்பான அந்த வழக்கு, முஷ்ணூரு சூரியநாராயண மூர்த்தி வழக்கு என்ற பெயரில் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குத் தெரிந்த ஒருவருடைய உயிரின் மேல், அவருக்கே தெரியாமல், பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுத்து வைத்திருந்தார். பணம் கைக்கு வர அந்த ஆள் சாக வேண்டும். தன் மைத்துனர் வீட்டுக்கு அவரை வரச்சொல்லி, ஆர்செனிக்கும் பாதரசமும் கலந்த அல்வாவைக் கொடுத்தார். வந்தவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை எறிந்துவிட்டார். அந்த வீட்டுப் பெண் குழந்தை, எட்டு ஒன்பது வயது, எறிந்ததை எடுத்துத் தின்றாள். இன்னொரு குழந்தைக்கும் கொடுத்தாள். காப்பீட்டுக்காரர் கடுமையாக அவதிப்பட்டுப் பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் நான்காம் நாள் செத்துப்போனாள். அவள் விஷம் வைத்தவருக்கே மருமகள் முறை.

அமர்வு நீதிமன்றம் காப்பீட்டுக்காரரைக் கொல்ல முயன்றதற்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை கொடுத்தது. குழந்தையின் சாவுக்கு விடுதலை. அவளைக் கொல்ல அவர் நினைக்கவில்லை என்பதுதான் பேச்சு. எங்கள் ஏட்டு சொன்ன அதே கணக்கு. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு பக்கம் நின்றார்கள்.

சுந்தர ஐயர் விடுதலை சரி என்றார். விஷம் வைத்தவர் செய்தது ஒருவருக்கு அல்வா கொடுத்தது மட்டும். அதை எறிந்தது வேறொருவர், எடுத்துத் தின்றது குழந்தை. இடையில் இத்தனை பேருடைய செயல் வந்து விழுந்த பிறகு, குழந்தையின் சாவை அவர்தான் 'விளைவித்தார்' என்று எப்படிச் சொல்வது என்பது அவருடைய வாதம். இதை அற்பமான வாதமென்று ஒதுக்கிவிட முடியாது. சங்கிலி எங்கே அறுகிறது என்ற கேள்வி குற்றவியல் சட்டத்தின் கடினமான கேள்விகளில் ஒன்று.

பென்சன் சட்டப் பிரிவின் சொற்களைப் பிடித்துக்கொண்டார். இந்தியத் தண்டனைச் சட்டம் 299ஆம் பிரிவு, 'மரணத்தை விளைவிக்கும் நோக்கத்தோடு' செய்த செயலால் மரணத்தை விளைவித்தால் குற்றம் என்கிறது. யாருடைய மரணம் என்று அது கேட்கவில்லை. நோக்கம் இருந்த ஆளும் செத்த ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. அந்தப் பிரிவுக்குச் சட்டமே கொடுக்கும் முதல் எடுத்துக்காட்டும் இதற்குப் பொருந்தும். ஒருவன் ஆட்களைக் கொல்லும் எண்ணத்தோடு குழியின் மேல் குச்சியும் புல்கரணையும் போட்டு மூடி வைக்கிறான். கெட்டித் தரை என்று நம்பி யாரோ காலை வைத்து விழுந்து சாகிறார். குழி வெட்டியவனுக்கு அந்த 'யாரோ' யாரென்றே தெரியாது. ஆனாலும் குற்றம். மூன்றாவதாக வழக்கைக் கேட்ட அப்துர் ரஹீம் பென்சன் பக்கம் நின்றார். பெரும்பான்மைப்படி அது கொலை. தண்டனை ஆயுள் நாடுகடத்தலாக மாறியது.

இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது 301ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இந்திப் பெயரோடு வந்த புதிய சட்டத்தில் அதுவே 102ஆம் பிரிவு, பொருள் மாறவில்லை. எளிமையாகச் சொன்னால் இதுதான்: ஒருவரைக் கொல்லும் நோக்கத்தோடோ, சாவு நேரக்கூடும் என்ற அறிவோடோ ஒரு செயலைச் செய்து, நினைக்காத இன்னொருவர் செத்தால், நினைத்தவரே செத்திருந்தால் அது என்ன குற்றமாக இருந்திருக்குமோ அதே குற்றம். ஆங்கிலேய வழக்கறிஞர்கள் இதை, ஒருவன் மேல் வைத்த கெடுநோக்கம் இடம்பெயர்ந்து இன்னொருவன் மேல் போய் உட்காருவதாகச் சொல்வார்கள். அது வசதிக்காகச் சொல்லும் ஒரு உருவகம். உண்மையில் எதுவும் பயணம் செய்வதில்லை. ஒரு மனித உயிரை எடுக்க வேண்டுமென்ற முடிவு எறிகிறவன் மனதில் ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. எறிந்த கணத்தில் அவன் பக்கக் குற்றம் முடிந்துவிட்டது. யார் மேல் விழுகிறது என்பது அவன் குற்றத்தைக் குறைக்காது.

பிரிவின் கடைசிப் பகுதி இரு பக்கமும் வெட்டும். 'அதே குற்றம்' என்றால், குற்றத்தைக் குறைக்கும் காரணங்களும் கூடவே வரும். ஒருவர் திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்ட, நிதானமிழந்து அவரை வெட்டப்போனவன் தவறி அடுத்தவரை வெட்டிவிட்டால், ஆத்திரமூட்டலுக்குக் கிடைக்கும் சலுகை அவனுக்கு அங்கேயும் உண்டு. 300ஆம் பிரிவின் முதல் விலக்கே அதை எழுத்தில் சொல்கிறது. இதில் நமக்கு மனக்குறை வேண்டாம். விதி ஒரே அளவுகோலாக இருந்தால்தான் நம் பக்கமும் அது நிற்கும்.

சாவு நேராமல் காயம் மட்டும் பட்டால்? 301 சாவுக்கு மட்டும்தான். சின்னம்மா வழக்கில் அதை எழுத முடியாது. எழுதத் தேவையுமில்லை. காயம் பற்றிய பழைய 321ஆம் பிரிவை (இப்போது 115) எடுத்துப் பாருங்கள். 'எவருக்கேனும்' காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு செய்து, அதனால் 'எவருக்கேனும்' காயம் விளைவித்தால் அது வேண்டுமென்றே விளைவித்த காயம். இரண்டு இடத்திலும் 'எவருக்கேனும்'. நோக்கம் இடம் மாறியதா என்று கேட்கும் வேலையே இல்லாதபடி மெக்காலேயின் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். இரும்புக் கம்பியைத் தலையுயரத்தில் எறிகிறவனுக்குக் கொடுங்காயம் நேரக்கூடுமென்று தெரியாமல் இருக்காது. உயிரைப் பறிக்கக்கூடிய கருவியால் அதைச் செய்தால் புதிய சட்டத்தில் 118(2). ஓர் ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை, அல்லது ஆயுள். நிலையத்தில் பிணை கிடையாது.

இங்கிலாந்தில் 1886இல் தீர்ப்பான லாட்டிமர் வழக்கில் ஒருவன் சண்டையில் தன் பெல்ட்டைக் கழற்றி எதிராளியை நோக்கி வீசினான். அது எதிராளியின் மேல் உரசிவிட்டுப் பக்கத்தில் இருந்த பெண்ணின் முகத்தைக் கிழித்தது. அவளைத் தாக்கியதாகவே தண்டனை. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால் பெம்பிளிட்டன் வழக்கு. கூட்டத்தின் மேல் எறிந்த கல் கடைக் கண்ணாடியை உடைத்தது. ஆளை அடிக்கும் நோக்கத்தைக் கண்ணாடியின் மேல் ஏற்றிச் சொத்துச் சேதமாக்க நீதிமன்றம் மறுத்தது. ஆளிலிருந்து ஆளுக்கு மாறலாம், ஆளிலிருந்து பொருளுக்கு மாறாது என்பது இந்த இரண்டும் சேர்ந்து போட்ட எல்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. கெடுநோக்கமே இல்லாத இடத்தில் மாற எதுவுமில்லை. ஜி.என்.டி. சாலையில் சரியாகக் கட்டாத லாரியிலிருந்து கம்பி சரிந்து நடந்து போகிறவர் மேல் விழுந்தால் அது கவனக்குறைவு. 125ஆம் பிரிவு அதற்குத்தான். லாரி ஓட்டியவர் யாரையும் அடிக்க நினைக்கவில்லை. சேரி முனையில் கம்பி எறிந்தவன் ஒருவனை அடிக்க நினைத்தான். இரண்டையும் ஒரே பிரிவில் போடுவது, குறி தவறியதைக் குற்றமே இல்லாத பக்கத்துக்குத் தள்ளிவிடும் வேலை. இப்படிச் சறுக்குவது காவல் நிலையம் மட்டுமல்ல. உத்தரப் பிரதேசத்தில் ஒருவரைச் சுட்டபோது, கடைக்குப் பொருள் வாங்க வந்திருந்த பெண் குண்டடிபட்டு இறந்தாள். அவளைக் கொல்லும் நோக்கம் இல்லை என்று கொலைக் குற்றச்சாட்டையே உயர் நீதிமன்றம் நீக்கியது. 2006இல் ராஜ்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 301ஆம் பிரிவை நினைவூட்டி அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

கூட்டமாக வந்தவர்களுக்கும் இந்தத் தப்பும் வழி இல்லை. குஜராத்தில் நான்கு பேர் ஒருவரைக் கொல்லக் காத்திருந்து, வந்தவரை அவர்தான் என்று நினைத்து வேறொருவரைச் சுட்டார்கள். சங்கர்லால் கச்ராபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆள் மாறியதால் பொது நோக்கம் அறுந்துபோகாது என்றது. ஒருவன் தன் சொந்தப் பகைக்காக வேண்டுமென்றே வேறொருவரைக் கொன்றால் மற்றவர்களைச் சேர்க்க முடியாது. அவர்தான் என்று நம்பிக் கொன்றால் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு. எங்கள் ஊர் வழக்கில் எறிந்தது ஒருவன், வந்தது மூன்று பேர் என்பதால் இதுவும் முக்கியம்.

இதுவரை உள்ளது பொதுச் சட்டம். யார் விழுந்தார் என்று அது கேட்பதில்லை. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. 3(2)(வி) பிரிவு, 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை ஒருவர் மேல், அவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்று 'அறிந்து' செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது. முன்பு இந்த இடத்தில் அவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தினால்' என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தண்டனைகள் மேல்முறையீட்டில் கழன்று விழுந்தன. 2019இல் குமான் சிங் வழக்கில்கூட, சாதி காரணமாகத்தான் கொலை நடந்தது என்பதற்குச் சான்றில்லை என்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை நீக்கியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 'அறிந்து' என்று மாற்றியது. இப்போது காரணத்தை நிரூபிக்க வேண்டாம். அறிவு போதும்.

ஆனால் அறிவு யாரைப் பற்றி? 'அத்தகைய நபர்' என்கிறது பிரிவு. குற்றம் யார் மேல் நடந்ததோ அவர். குறி தவறிய வழக்கில் கேள்வி இங்கேதான் முளைக்கும். நான் மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

சேரிப் பையனைக் குறிவைத்த கம்பி சேரிப் பெண் மேல் விழுகிறது. எங்கள் வழக்கு. அவளைத் தனியாக அவன் நினைக்கவில்லைதான். ஆனால் சேரி முனையில் நின்று, சாதிப் பெயரைச் சொல்லி, சேரித் தெருவுக்குள் எறிகிறவனுக்கு அந்தத் தெருவில் நிற்கிறவர்கள் யாரென்று தெரியாது என்று சொல்ல முடியுமா? பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றவாளிக்குத் தெரிந்திருந்தால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 8(சி) பிரிவு சொல்கிறது. அதை மறுத்து நிரூபிக்கும் சுமை அவனுடையது. ஒரே ஊரில் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது எளிதல்ல. இங்கே வன்கொடுமைச் சட்டம் நிற்கும்.

இரண்டாவது, சேரிப் பையனைக் குறிவைத்தது, அவனோடு நின்ற வேறு சாதி நண்பன் மேல் விழுகிறது. சாதி மறுப்பு மணங்களில் நடக்கும் தாக்குதல்களிலும் இது நேரக்கூடும். இங்கே நண்பனின் காயத்துக்கோ சாவுக்கோ 3(2)(வி) பொருந்தாது என்றே நான் படிக்கிறேன். 301 மாற்றித் தருவது குற்றத்தின் வகையை மட்டும்தான். விழுந்தவரின் சாதியை அது மாற்றித் தராது. ஆனால் இங்கே பலரும் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. பையன் மேல் நடந்த முயற்சி அழிந்துபோகவில்லை. அல்வா வழக்கில் குழந்தையின் கொலை தனி, பிழைத்தவர் மேல் நடந்த கொலை முயற்சி தனி. அதுபோல, தப்பித்த தலித் இளைஞன் மேல் நடந்த கொலை முயற்சியும் 10 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம்தான். அதன் மேல் 3(2)(வி) முழுதாக நிற்கும். செத்தவர் ஒருவர் இருப்பதால் உயிரோடு தப்பியவர் வழக்கிலிருந்து காணாமல் போய்விடக்கூடாது.

மூன்றாவது, ஆதிக்கச் சாதிக்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டையில் எறிந்தது வழியில் போன தலித் மேல் விழுகிறது. அங்கே நம் ஆள் இருக்கிறார் என்ற அறிவே இல்லையென்றால் இந்தச் சட்டத்தை இழுத்து வந்து பொருத்தக்கூடாது. பொதுச் சட்டத்தின் முழு தண்டனையைக் கேட்போம். பொருந்தாத இடத்தில் பிரிவைச் சேர்த்துவிட்டு மேல்முறையீட்டில் தோற்பது, பொருந்துகிற அடுத்த வழக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

காவல் நிலையத்தில் அந்த ஒரு சொல் ஏன் இவ்வளவு வேலை செய்தது என்பது இப்போது புரியும். 118(2) என்றால் 3(2)(வி) வரும். குறைந்த காயத்துக்கான பிரிவுகளுக்கும் வழி இருக்கிறது. ஆயுதத்தால் காயம் விளைவிப்பது போன்றவை வன்கொடுமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன, 3(2)(விஏ) வழியே அவை உள்ளே வரும். கவனக்குறைவால் காயம் விளைவிப்பது அந்த அட்டவணையில் கிடையாது. ஆக, 'கவனக்குறைவு' என்று எழுதியதுமே காயத்தின் பக்கமிருந்து வன்கொடுமைச் சட்டம் நுழையும் கதவு மூடுகிறது. அதோடு துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும் என்ற விதியும், முன்பிணைக்கான தடையும், தவணை தவணையாக வர வேண்டிய நிவாரணத் தொகையும் போய்விடுகின்றன. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது தனிக் குற்றம், 3(1)(ஆர்), 3(1)(எஸ்). அதையும் 'ஆபாசப் பேச்சு' என்று சுருக்கி எழுதியிருந்தார்கள்.

பிறகு என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கினோம். ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் பணியிலிருந்த மருத்துவர் சின்னம்மா வாயால் கேட்டதை எழுதியிருந்தார்: தெரிந்த மூன்று நபர்கள் இரும்புக் கம்பியால் தாக்கியதாக. என் மனுவுக்குச் சில மணி நேரம் முந்தைய பதிவு அது. அதில் 'தவறுதலாக' இல்லை. அதை இணைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தோம். துணைக் கண்காணிப்பாளர் விசாரணைக்கு வந்து சின்னம்மாவிடம் மறுபடி வாக்குமூலம் வாங்கினார். நான் பேசாமல் தள்ளி நின்றேன்.

"உங்களை அடிக்கத்தான் எறிஞ்சானாம்மா?"

"என்னை எதுக்கு சார் அடிக்கணும், என்னோட அவனுக்கு என்ன சண்டை? பையன் மண்டையப் பாத்து எறிஞ்சான். அவன் குனிஞ்சான், என் கையில விழுந்துச்சு. எங்க தெருவுல யார் மேல விழுந்தாலும் அவனுக்கு ஒண்ணுதானே சார்."

பென்சனும் அப்துர் ரஹீமும் பக்கக்கணக்கில் எழுதியதன் சாரம் அந்த நான்கு வாக்கியங்களில் இருந்தது. யாரைக் குறிவைத்தான், ஏன் தவறியது, எங்கே விழுந்தது. கடைசி வாக்கியம் வன்கொடுமைச் சட்டம் கேட்கும் அறிவையும் சேர்த்தே சொல்லிவிட்டது. எட்டாவதோடு நிறுத்தப்பட்ட என் சின்னம்மா, சட்டம் படித்த நான் எழுதியதைவிடச் சரியாகச் சொன்னார்.

சில வாரங்களில் பிரிவு மாற்ற அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. 125(பி) போய் 118(2) வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்ந்தன. பையனைத் தாக்க முயன்றது தனியாக எழுதப்பட்டது. வழக்கு நடக்கிறது. என் முதல் மனுவும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எடுத்துச் சின்னம்மா முன் நீட்டுவார். "நீங்களே தவறுதலாகப் பட்டது என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்பார். எழுதியது நான் என்று நானும் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் தெருக்களில் படித்த பிள்ளைகள்தான் மனு எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறி தவறிய தாக்குதலில் 'தவறுதலாக', 'எதிர்பாராமல்', 'தற்செயலாக' என்ற சொற்களைப் பேனா தொட வேண்டாம். என்ன சொல்லித் திட்டினான், யாரைப் பார்த்து ஓங்கினான், அந்த ஆள் எப்படித் தப்பினார், பிறகு யார் மேல் பட்டது என்று நடந்த வரிசையில் எழுதுங்கள். தப்பியவர் பெயரையும் பாதிக்கப்பட்டவராகவே எழுதுங்கள். எழுதி முடித்ததும் அடிபட்டவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். நான் அன்று அதைச் செய்திருந்தால், "அப்படி இல்லடா, அவன் வேணும்னுதான் எறிஞ்சான்" என்று சின்னம்மாவே திருத்தியிருப்பார்.